நோன்பு மாதத்தில் பிரஷர் மாத்திரை: எதை எந்த நேரத்துக்கு மாற்றுவது?

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று நம் பக்கத்து ஊர்களில் ரமலான் முதல் வாரத்தில் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் சொல்வது ஒரே மாதிரி இருக்கும். "சாயங்காலம் நாலு மணிக்கு மேல தலை சுத்துது டாக்டர், எழுந்தா கண்ணு இருட்டுது." நோன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். என்னென்ன மாத்திரை, எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாத்தையும் சேர்த்து சஹர்ல போட்டுடறேன்." காலையில் போடுவதைக் கொஞ்சம் முன்னால் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த மாத்திரைகளுக்குள் ஒரு நீர் மாத்திரை இருந்தால், அடுத்த பதின்மூன்று மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாத உடம்பிலிருந்து அது தண்ணீரை வெளியே எடுத்துவிடும். சிக்கல் பல பேருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

மாத்திரை நேரத்தை மாற்றும்போது "ஒரு நாளைக்கு எத்தனை வேளை" என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு மாத்திரையும் உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறது, உடம்பின் தண்ணீரை என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் நேரம் கிட்டத்தட்ட தானாகவே அமைந்துவிடும். கீழே சொல்வது அதற்கான வழி. ஆனால் அளவைக் குறைப்பதோ, மருந்தையே மாற்றுவதோ உங்களைப் பார்க்கிற டாக்டர் செய்ய வேண்டியது. நீங்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.

நம் ஊர் நோன்பு எத்தனை மணி நேரம்?

வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. அதனால் நம் பகல் எந்த மாதத்திலும் ரொம்ப நீண்டுவிடுவதில்லை. இப்போதைய ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். இந்தப் பருவத்தில் சஹர் முடிவது அதிகாலை 5.20 வாக்கில், நோன்பு திறப்பது மாலை 6.20 வாக்கில். சரியான நேரத்துக்கு உங்கள் பள்ளிவாசல் அட்டவணையைப் பாருங்கள். கணக்குக்கு நோன்பு பதின்மூன்று மணி நேரம், சாப்பிடக் குடிக்க அனுமதி பதினொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நமக்குச் சாதகமான கணக்கு. ஐரோப்பாவின் வட நாடுகளில் கோடை ரமலானில் பதினெட்டு மணி நேரம் நோன்பிருப்பவர்களுக்கு இரண்டு வேளை மாத்திரையைப் பொருத்துவதே பெரும்பாடு. இங்கே சஹரில் ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று என்று போட்டால் இடைவெளி பத்து மணி, பதினாலு மணி என்று வரும். சாதாரண நாளில் காலை எட்டு, இரவு எட்டு என்று போடுவதிலிருந்து இது அதிகம் விலகவில்லை. மூன்று வேளை மாத்திரைக்குத்தான் இடமே இல்லை.

முதலில் டாக்டரிடம்: பிறை பார்ப்பதற்கு ஆறு வாரம் முன்பு

ஷஃபான் மாதம் பிறப்பதற்கு முன்பே போய்விடுவது நல்லது. மருந்தை மாற்றினால் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று, நான்கு வாரமாவது வேண்டும். முந்தின நாள் இரவு ஓடிவந்து கேட்டால் எந்த டாக்டராலும் சரியாகச் செய்ய முடியாது.

போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை மட்டும் போதாது. சர்க்கரை மாத்திரை, மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கியது, புராஸ்டேட்டுக்குப் போடுவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். புராஸ்டேட் மாத்திரைகளில் டாம்சுலோசின் போன்றவை எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும். அதைப் பிரஷர் மாத்திரையாக யாரும் நினைப்பதில்லை, அதனால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை.

கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இவற்றில் ஒன்றோ நீர் மாத்திரையோ போடுகிறவர்களுக்கு இது அவசியம். கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பதின்மூன்று மணி நேர வறட்சி அதை இன்னும் தள்ளிவிடும். நோன்பு ஆரம்பிக்கும் முன் அளவு தெரிந்திருந்தால்தான் பிறகு ஏறியதா என்று ஒப்பிட முடியும்.

சிலருக்கு டாக்டரே "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்வார். மேல் அளவு 180-ஐ ஒட்டி நிற்கிறவர்கள், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், புதிதாக ஸ்டென்ட் வைத்தவர்கள், படுத்தால் மூச்சு வாங்குகிற இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், பிரஷரோடு கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வகை. நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே, அல் பகரா அத்தியாயத்தில், சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு களா நோன்பு வைப்பதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம். உடல்நிலை என்ன என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் ஹஜ்ரத்துக்கும் பதில் சொல்வது எளிது. வீட்டில் பெரியவர்கள் இதைக் கேட்டுக் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாதம் செய்யாமல், ஒருமுறை டாக்டரோடும் ஹஜ்ரத்தோடும் உட்கார வைத்துப் பேசுவதுதான் வேலை செய்கிறது.

அட்டையைப் பார்த்து வகை பிரிப்பது

ஒரு நாளைக்கு ஒரு தடவை போடுகிற, நீண்ட நேரம் நிற்கிற மாத்திரைகள்தான் நோன்புக்கு மிகவும் தோதானவை. அம்லோடிபின் இதற்கு நல்ல உதாரணம். ஒரு மாத்திரையில் பாதி மருந்து உடம்பைவிட்டு வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு போட்டாலும் வெறும் வயிற்றில் போட்டாலும் வித்தியாசம் இல்லை. டெல்மிசார்டனுக்கும் இந்தக் கணக்கு ஒரு நாளை ஒட்டி வரும். இந்த இரண்டையும் காலையிலிருந்து மாலைக்கு மாற்றுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சேர்த்து, காலையில் போடுவது நல்லதா மாலையில் போடுவது நல்லதா என்று ஐந்து ஆண்டுக்கு மேல் பார்த்த ஆய்வு 2022-ல் 'லான்செட்' இதழில் வந்தது. மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ எந்த வித்தியாசமும் இல்லை என்பதுதான் முடிவு. ஆகவே "பிரஷர் மாத்திரையைக் காலையில்தான் போடணும்" என்ற பயம் வேண்டாம்.

இரண்டு வேளை மாத்திரைகளை சஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் வைத்துக்கொள்ளலாம். மெட்டோபுரோலால், எனலாப்ரில் போன்றவற்றைப் பலருக்கு இப்படி இரண்டு வேளை எழுதியிருப்பார்கள்.

மூன்று வேளை என்று எழுதியிருந்தால் மத்தியான மாத்திரைக்கு இடம் இல்லை. அந்த மாத்திரையை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் போடுவதும் தப்பு. மூன்றையும் இரவுக்குள் நெருக்கிப் போடுவதும் தப்பு. அதற்குப் பதில் நீண்ட நேரம் நிற்கிற ஒரு மருந்துக்கு டாக்டர் மாற்றித் தர வேண்டும். ஆறு வாரம் முன்பே போகச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இவர்கள்தான்.

நீர் மாத்திரையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஏனென்றால் பல நேரம் அது வேறு மருந்தோடு ஒரே மாத்திரைக்குள் இருக்கும். அட்டையில் பெயருக்குப் பின்னால் எச், சிஎச் என்று ஓர் எழுத்து தொங்கினால் சந்தேகப்படுங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஃபுரோசமைடு, டோர்செமைடு, ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று மெடிக்கலில் படிக்கச் சொல்லுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு போட்ட இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் போக ஆரம்பிக்கும். நாலாவது மணி நேரத்தில் உச்சம். காலை ஐந்து மணிக்குப் போட்டால் ஒன்பது மணிக்குள் இரவு குடித்த தண்ணீரில் நல்ல பங்கு போய்விடும். மாலை ஏழு மணிக்குப் போட்டால் பதினொரு மணி வரை நடை இருக்கும், ஆனால் பக்கத்திலேயே சொம்புத் தண்ணீர் இருக்கும். அதனால் நீர் மாத்திரைக்கு நேரம் நோன்பு திறந்தபின். சஹரில் கூடாது.

திடீரென்று நிறுத்தவே கூடாதவை ஒரு சில உண்டு. அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோபிரனலால் இவற்றைச் சட்டென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும். ஏற்கெனவே இதய அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடினை விட்டால் ஓரிரு நாளில் பிரஷர் முன்பு இருந்ததைவிட மேலே ஏறிவிடும். "நோன்புல சாப்பாடு கம்மி, பிரஷர் தானா இறங்கிடும்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு மருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிற தன்னார்வலர் அக்காவிடமே நோன்பு விஷயத்தைச் சொல்லிவைக்கலாம். அவர் பிரஷர் பார்த்துக் குறிப்பார். மாத்திரையை மாற்றும் முடிவு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருடையது. அடுத்த மாதத்துக்கான அட்டை நோன்பின் நடுவில் தீர்ந்துபோகாமல் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தை நகர்த்துவது: நோன்புக்கு முந்தின வாரம்

காலை எட்டு மணி மாத்திரையை முதல் நோன்பன்று அப்படியே மாலை ஏழுக்குத் தள்ளினால் 35 மணி நேரம் இடைவெளி விழுகிறது. அம்லோடிபினுக்கு அது தாங்கும். மற்ற மாத்திரைகளுக்கு, முதல் நோன்பு நாளிலேயே அந்தப் பரிசோதனை வேண்டாம். அதேபோல காலையில் ஒன்று போட்டுவிட்டு அன்று மாலையே அடுத்ததைப் போட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு நாள் அளவு உள்ளே போய்விடும்.

நாலு நாலு மணி நேரமாக நகர்த்துவது சுலபமான வழி. நோன்புக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நாள் காலை எட்டுக்குப் பதில் மத்தியானம் பன்னிரண்டுக்குப் போடுங்கள். அடுத்த நாள் மாலை நாலு. அதற்கடுத்த நாள் இரவு ஏழு, எட்டு. மூன்றே நாளில் முடிந்துவிடும், எந்த இடைவெளியும் 28 மணி நேரத்தைத் தாண்டாது. மீதி இருக்கிற மூன்று நாலு நாள் புது நேரத்திலேயே போட்டு, பிரஷர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல இருக்கும்போதே தெரிந்துகொண்டால், நோன்பில் வருகிற மாற்றம் நோன்பால் வந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

நேரம் நகர்த்தும் சாக்கில் மாத்திரையை உடைப்பது, பொடிப்பது வேண்டாம். எக்ஸ்எல், இஆர், எஸ்ஆர், ரிடார்டு என்று அட்டையில் இருந்தால் மருந்து மெல்ல மெல்லக் கசியும்படி செய்யப்பட்டது. பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

ஒருவருடைய அட்டவணை, நாளாக நாளாக

மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் மேஸ்திரியாக இருக்கிற 58 வயதுக்காரர் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்குக் காலை எட்டு மணிக்கு டெல்மிசார்டன் 40-உம் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5-உம் சேர்ந்த ஒரு மாத்திரை. மெட்டோபுரோலால் 25 காலையும் இரவும். இரவு படுக்கும் முன் அம்லோடிபின் 5. நோன்புக்கு முன் பிரஷர் 132/82, கிரியாட்டினின் சரியாக இருந்தது. போன வருடம் அவரும் எல்லாவற்றையும் சஹரில்தான் போட்டார். அசர் தொழுகையில் சஜ்தாவிலிருந்து எழும்போது தள்ளாடியதை மகன் பார்த்திருக்கிறான்.

இந்த வருடம் சேர்ந்து போட்ட திட்டம் இது. சஹரில், சாப்பிட்டு முடித்து ஐந்து மணிக்கு மெட்டோபுரோலால் மட்டும். 6.20-க்குப் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. மஃக்ரிப் தொழுதுவிட்டு வந்து ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு நீர் மாத்திரை கலந்த டெல்மிசார்டனும் இரண்டாவது மெட்டோபுரோலாலும். தராவீஹ் முடிந்து வீடு திரும்பிய பிறகு, பத்து மணிக்கு அம்லோடிபின், எப்போதும்போல.

"எல்லாத்தையும் நோன்பு திறந்த உடனே போட்டா என்ன பாய் தப்பு, மறக்காம இருக்குமில்ல?" என்று அவருடைய மனைவிதான் கேட்டார், அவரைப் பார்த்து, ஆனால் பதில் என்னிடமிருந்து வரட்டும் என்று. நியாயமான கேள்வி. வயதானவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ரத்தம் குடல் பக்கம் போய் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். அதே நேரத்தில் எல்லா மாத்திரையும் சேர்ந்து, அதற்கு மேல் தராவீஹில் நின்று குனிந்து சஜ்தா செய்து எழுந்தால், மயக்கம் வரத் தோதான சூழல் அது. வரிசையில் விழுந்தால் தலையில் அடிபடும். அதனால்தான் அம்லோடிபினை தராவீஹுக்குப் பிறகு வைத்தோம். ஒரு மாத்திரையை மறக்காமல் இருக்க, அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு வைத்துவிடுவதாக அவர் மனைவி சொன்னார். ஒரு மாதமும் அப்படியே செய்தார்.

முதல் இரண்டு நோன்பும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் டேனரியில் டிரம் பக்கம் புழுக்கம் அதிகம், வியர்த்துக் கொட்டியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வீட்டில் பார்த்தபோது உட்கார்ந்து 108/68. எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் 86/58, தலை கிறுகிறுப்பு. மேல் அளவு 20-க்கு மேல் இறங்கியிருக்கிறது, 90-க்கும் கீழே போயிருக்கிறது. உட்கார்ந்த அளவை மட்டும் பார்த்திருந்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டிருப்பார்கள். போனில் பேசினோம். அன்று நோன்பை முறித்துவிடச் சொன்னேன், முறித்தார். அன்று இரவு அந்தக் கூட்டு மாத்திரையைப் போடவில்லை. மறுநாள் வெறும் டெல்மிசார்டன் 40 எழுதிக்கொடுத்து, நீர் மாத்திரையை நோன்பு முடியும்வரை எடுத்துவிட்டோம். அடுத்த வாரம் மாலை அளவுகள் 120-ஐ ஒட்டி நின்றன, நின்றபோது இறக்கம் இல்லை.

இவருக்கு நேரம் மாற்றியது மட்டும் போதவில்லை. இரவில் போட்ட நீர் மாத்திரைக்குப் பதிலாகக் குடித்த தண்ணீரைப் பகலில் டேனரி வெப்பம் எடுத்துக்கொண்டது. நிழலில், மின்விசிறிக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு இதே அட்டவணை ஒரு மாதமும் சரியாக ஓடியிருக்கலாம். செங்கல் சூளை, கட்டட வேலை, டேனரி, பஸ் ஓட்டுவது என்று உடம்பு வியர்க்கிற வேலையாக இருந்தால் அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.

பிரஷரை எப்போது, எப்படிப் பார்ப்பது

முதல் ஒரு வாரம் தினமும் இரண்டு நேரம் போதும். ஒன்று மாலை ஐந்து மணி வாக்கில். உடம்பில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கிற நேரம். இன்னொன்று சஹரில் மாத்திரை போடும் முன். முந்தின டோஸ் முழு இரவும் தாங்கியதா என்பது அப்போது தெரியும். கைப்பட்டை கட்டிப் பார்ப்பதால் நோன்பு முறியாது.

ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மார்பு உயரத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை. பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். இந்த நிற்கிற அளவைத்தான் யாரும் பார்ப்பதில்லை, நோன்பு மாதத்தில் எனக்கு அதுதான் வேண்டும். நோட்டில் நேரத்தோடு எழுதிவையுங்கள்.

தராவீஹ் முடிந்து படியேறி வந்த உடனேயோ, டீ குடித்த கையோடோ பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். ஒரு நாள் 150/90 வந்ததற்காகக் கூடுதல் மாத்திரை போடாதீர்கள். அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து வீட்டு அளவு 135/85-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் பேச வேண்டும்.

எப்போது நோன்பை முறித்துவிட வேண்டும்

எழுந்தால் கண் இருட்டுகிறது, மேல் அளவு 90-க்குக் கீழே, வாந்தி பேதி, காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை அல்லது ரொம்ப மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் அன்றைய நோன்பை முறித்துவிடுங்கள். படுத்துக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலை மெல்லக் குடிக்கலாம். சர்க்கரை நோயும் இருந்தால் உடனே சுகர் பாருங்கள். தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். வாந்தியும் பேதியும் இருக்கிற நாளில் நீர் மாத்திரை, டெல்மிசார்டன், எனலாப்ரில் வகைகளை அடுத்த வேளை போடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். வறண்டுபோன கிட்னியோடு அவை ஒத்துப்போவதில்லை.

நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் வந்தால் பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எழுதித் தந்திருந்தால் உட்கார்ந்தபடி உடனே வையுங்கள். நோன்பு என்னாகும் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இரவில் சாப்பிடுவது

பஜ்ஜி, சமோசா, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்ந்து உப்பு எகிறுவது நோன்பு மாதத்தில்தான். சஹரில் உப்பு அதிகமானால் பத்து மணிக்கே தாகம் தொடங்கிவிடும். ஆகவே சஹரில் ஊறுகாயைத் தவிர்த்தாலே பாதிச் சிரமம் குறையும். தண்ணீரை ஒரே மூச்சில் சஹரில் இரண்டு சொம்பு குடிப்பதால் பயன் குறைவு, பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். இஃப்தாரிலிருந்து சஹர் வரை எட்டு, பத்து டம்ளராகப் பிரித்துக் குடியுங்கள். இதயம் அல்லது கிட்னிக்காகத் தண்ணீரை அளவோடு குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். கிட்னி பாதித்து டெல்மிசார்டனோ ஸ்பைரோனோலாக்டோனோ போடுகிறவர்கள் பேரீச்சம்பழத்தையும் இளநீரையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

தராவீஹில் முட்டி வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடுகிறார்கள். டெல்மிசார்டன் வகை, நீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் வறண்ட உடம்பில் சேர்ந்தால் கிட்னி சட்டென்று படுத்துவிடும். அதோடு வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும். நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதும், தேவைப்பட்டால் பாரசிட்டமாலும் போதும்.

ஒரு நாள் விரதங்கள்

இரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் ஆடிக் கிருத்திகைக்குப் போகிறவர்கள், கந்த சஷ்டி, வைகுண்ட ஏகாதசி, புரட்டாசி சனிக்கிழமை விரதக்காரர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பெரும்பாலும் தண்ணீரோ பாலோ பழமோ உண்டு. எனவே மாத்திரையை வழக்கமான நேரத்திலேயே தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். "வெறும் வயிறாச்சே" என்று விட்டுவிட வேண்டியதில்லை. கார்த்திகையில் தீபம் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறவர்கள், அல்லது வெயிலில் காவடி எடுத்து மலையேறுகிறவர்கள், அன்றைய நீர் மாத்திரையை மட்டும் மாலை சாப்பிட்டபின் போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். மற்ற மாத்திரைகளை விடியற்காலையில் விரதம் தொடங்கும் முன் போட்டுவிடலாம்.

பெருநாளன்று திரும்பி வருவது

பெருநாள் காலையில் பழைய பழக்கத்தில் கை அட்டைக்குப் போகும். முந்தின இரவு ஏழு மணிக்குத்தான் போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கும் இரவிலேயே போடுங்கள். காலை நேரத்துக்குத் திரும்ப விரும்பினால் மறுநாளிலிருந்து மாலை நாலு, மத்தியானம் பன்னிரண்டு, காலை எட்டு என்று பின்னோக்கி நகர்த்தலாம். இரவு நேரமே வசதியாகப் பட்டால் அப்படியே தொடரலாம், பிரஷருக்கு அதில் நஷ்டம் இல்லை. இரவில் அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போய்த் தடுமாறுகிற வயதானவர்களுக்கு மட்டும் நீர் மாத்திரையைக் காலைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

நோன்புக்காகக் குறைத்த அளவும் நிறுத்திய நீர் மாத்திரையும் தானாகத் திரும்பி வராது. பெருநாள் கழிந்து ஒரு வாரம், பத்து நாளில் அந்த நோட்டோடு போய் டாக்டரைப் பாருங்கள். மேஸ்திரிக்கு அப்போது 144/88 இருந்தது. பழைய கூட்டு மாத்திரையே, பழைய நேரத்தில், காலை எட்டு மணிக்குத் திரும்பியது. இரண்டு வாரம் கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் இன்னொரு தடவை பார்த்தோம்.